60 ரூபாய் டெலிவரியில் காசு எங்கே போகிறது?

"வணக்கம் சார். மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே மைசூர்பாகு, ரவா லட்டு, பாதாம் அல்வா, அதிரசம் செய்து நான்கு வருஷமாக விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இப்போது மகன் வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸ் போட்டு ஒரு கடை அமைத்துக் கொடுத்திருக்கிறான். சென்னை முழுக்க டெலிவரிக்கு 60 ரூபாய் வாங்குகிறேன்; மாசக் கடைசியில் பார்த்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. போன தீபாவளிக்கு ஒருவர் பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டி இரண்டு கிலோ வாங்கிப் போனார். பணம் வரவே இல்லை. பேமென்ட் கேட்வே வைத்தால் இந்தத் தொல்லை தீருமா? டெலிவரிக்கு எவ்வளவு வைப்பது? பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள், அனுப்பலாமா? கடைசியாக அனுப்பிய பத்து பார்சலுக்குப் பைக்காரருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று நோட்டில் எழுதி, படம் எடுத்து இணைத்திருக்கிறேன்."

– ஒரு வாசகி, சென்னை 33

வணக்கம் அம்மா. அந்த நோட்டுப் பக்கத்தை இணைத்தது பெரிய உபகாரம். இந்தக் கேள்வியைக் கேட்கிற பெரும்பாலானவர்கள் "சுமாராக எழுபது, எண்பது ஆகும் சார்" என்பார்கள். சுமாரை வைத்துக்கொண்டு கட்டணம் போட முடியாது. நீங்கள் ஊர்வாரியாக எழுதியிருப்பதால் நேராகக் கணக்குக்கே போய்விடலாம்.

உங்கள் நோட்டில் இருப்பது இது: கோடம்பாக்கம் 45, தி.நகர் 48, கே.கே.நகர் 52, மயிலாப்பூர் 85, அடையாறு 92, அண்ணா நகர் 105, வேளச்சேரி 110, போரூர் 130, தாம்பரம் 190, சோழிங்கநல்லூர் 225. கூட்டினால் 1,082 ரூபாய். வாடிக்கையாளர்களிடம் நீங்கள் வாங்கியது பத்து அறுபது, 600. ஆக, பத்துப் பார்சலில் 482 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. ஒரு பெட்டிக்கு 48 ரூபாய். நெய் விலையையும் கேஸ் செலவையும் பார்த்துப் பார்த்துச் சேமித்த லாபம் பைக்கில் ஏறிப் போயிருக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோடம்பாக்கத்துக்காரர் 45 ரூபாய் ஆகிற இடத்துக்கு 60 கொடுக்கிறார். சோழிங்கநல்லூர்க்காரர் 225 ஆகிற இடத்துக்கும் அதே 60தான் கொடுக்கிறார். எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்று வைத்தால், பக்கத்தில் இருப்பவர் "இந்தத் தூரத்துக்கு அறுபதா, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று கழன்றுகொள்வார். தூரத்தில் இருப்பவருக்கு உங்களைவிட மலிவாக யாரும் அனுப்ப மாட்டார்கள் என்பது புரிந்துவிடும். அக்கம்பக்கத்து ஃபிளாட்டுக்கும் சொல்லுவார். வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை இது மெதுவாக நடக்கும். வெப்சைட்டில் "சென்னை முழுக்க 60" என்று போட்டுவிட்டால் ஓ.எம்.ஆர். ஆர்டர்கள்தான் முதலில் குவியும். அதனால் கடையைத் திறப்பதற்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் நோட்டிலேயே மூன்று வட்டம் தானாகப் பிரிந்து நிற்கிறது. ஐம்பதை ஒட்டிய ஊர்கள் ஒரு வட்டம். எண்பத்தைந்திலிருந்து நூற்று முப்பது வரை ஒரு வட்டம். தாம்பரமும் சோழிங்கநல்லூரும் தனி. முதல் வட்டத்துக்கு 50, இரண்டாவதற்கு 110, மூன்றாவதற்கு 200 என்று வைத்துப் பார்ப்போம். அதே பத்துப் பார்சலுக்கு இப்போது 150, 550, 400, மொத்தம் 1,100 ரூபாய் வரும். செலவு 1,082. பதினெட்டு ரூபாய் மீதி.

ஆனால் அந்தப் பதினெட்டும் நிற்காது. வெப்சைட்டில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி உங்கள் வங்கிக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே தன் கட்டணத்தை ஸ்வீட் விலைக்கு மட்டும் எடுப்பதில்லை. டெலிவரி சார்ஜையும் சேர்த்து வாடிக்கையாளர் செலுத்திய மொத்தத் தொகைக்கும் எடுக்கிறது. பொதுவாக 2 சதவீதம், அந்த 2 சதவீதத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2.36 சதவீதம். 1,100 ரூபாய்க்கு 26 ரூபாய் அங்கேயே போய்விடும். மீண்டும் எட்டு ரூபாய் நஷ்டம். மூன்றாவது வட்டத்தை 210 ஆக்கினால் வரவு 1,120. கேட்வே பிடித்தது போக 1,093 ரூபாய் சொச்சம் வரும். இப்போதுதான் கணக்கு நேராகிறது. டெலிவரியில் லாபம் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு பைசா நஷ்டமும் கூடாது. பெட்டி, டேப், பை இவற்றின் செலவை இதில் கலக்காதீர்கள். அது ஸ்வீட் விலையில் இருக்க வேண்டிய செலவு.

பத்து ரசீது குறைவுதான். உங்கள் போனில் போர்ட்டர், ரேபிடோ என்று எதில் பைக் போட்டிருந்தாலும் பழைய பயணங்களின் பட்டியல் அதிலேயே இருக்கும். மூன்று மாதத்தை எடுத்து, பின்கோடு வாரியாக எழுதுங்கள். ஒரு வட்டத்துக்குக் கட்டணம் வைக்கும்போது சராசரியை எடுக்காதீர்கள். பத்து ரசீதில் எட்டு ரசீது எந்தத் தொகைக்குள் அடங்குகிறதோ அதை வையுங்கள். மழை நாளிலும் சாயங்கால நெரிசலிலும் பைக் வாடகை ஏறும். சராசரியில் அந்த நாட்கள் மறைந்துவிடும்.

இனி இதைக் கடைக்குள் ஏற்றும் விதம். வூகாமர்ஸில் `WooCommerce → Settings → Shipping` என்ற இடத்துக்குப் போனால் `Shipping zones` என்று இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு ஜோன். ஜோனின் பகுதியாகத் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே பின்கோடுகளை மட்டும் அனுமதிக்கும் பெட்டியைத் திறந்து, ஒரு வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். உங்கள் முதல் வட்டம் இப்படித் தொடங்கும்:

```
600017
600024
600026
600033
600078
600083
```

தி.நகர், கோடம்பாக்கம், வடபழனி, மேற்கு மாம்பலம், கே.கே.நகர், அசோக் நகர். இந்த ஜோனுக்குள் `Flat rate` சேர்த்து 50 என்று போடுங்கள். இரண்டாவது ஜோனில் 600004 மயிலாப்பூர், 600020 அடையாறு, 600040 அண்ணா நகர், 600042 வேளச்சேரி, 600116 போரூர் என்று தொடங்கி, நடுவில் வரும் மற்ற ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். மூன்றாவதில் 600045 தாம்பரம், 600119 சோழிங்கநல்லூர்.

எண்களை ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் நான் கடை அமைத்துக் கொடுத்த ஒருவர், வேலையைச் சுருக்க முதல் ஜோனில் `6000*` என்று ஒரே வரி போட்டுவிட்டார். அந்த நட்சத்திரக் குறிக்கு "இதற்குப் பின் எதுவானாலும் சரி" என்று பொருள். அப்போது 600017ம் பொருந்தும், 600045ம் பொருந்தும். வூகாமர்ஸ் ஜோன்களை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். கீழே தாம்பரத்துக்கு எழுதியிருந்த சரியான கட்டணத்தை அது எட்டிப் பார்க்கவே இல்லை. மூன்று வாரம் தாம்பரத்துக்கு ஐம்பது ரூபாயில் பெட்டி போய்க்கொண்டிருந்தது. பின்கோடு வரிசைக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைச் சென்னைக்காரர்கள் நாம் மறந்துவிடுகிறோம். 600041 திருவான்மியூர், 600040 அண்ணா நகர். அடுத்தடுத்த எண்கள், ஊரின் இரண்டு மூலைகள்.

பட்டியலின் கடைசியில், வேறு எந்த ஜோனிலும் அடங்காத ஊர்களுக்கென்று ஒரு வரிசை தானாகவே நிற்கும். அதில் எந்த டெலிவரி முறையையும் சேர்க்காமல் காலியாக விடுங்கள். அப்போது நீங்கள் எழுதாத பின்கோட்டிலிருந்து வருபவருக்கு அந்த முகவரிக்கு டெலிவரி இல்லை என்று கடையே சொல்லிவிடும். பணமும் கட்ட முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு "மன்னிக்கவும், அங்கே அனுப்ப முடியாது" என்று போன் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். அமைத்து முடித்தவுடன், ஒவ்வொரு ஜோனிலிருந்தும் ஒரு பின்கோட்டைக் கார்ட்டில் போட்டுச் சரியான தொகை வருகிறதா என்று நீங்களே பாருங்கள். கோயம்புத்தூர் 641001 ஒன்றையும் போடுங்கள். அது மறுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது வட்டத்து மக்களுக்கு 210 ரூபாய் கனமாகத்தான் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் மைசூர்பாகும் அதிரசமும் ரவா லட்டும் ஒரே நாளில் கெடுகிற பண்டங்கள் இல்லை. பால்கோவா செய்பவருக்கு இல்லாத வசதி இது. அதனால் தூரத்து ஜோனில் இரண்டாவதாக ஒரு `Flat rate` சேர்த்து, அதற்கு "சனிக்கிழமை ரவுண்டு" என்று பெயர் வைத்து 130 ரூபாய் போடுங்கள். அவசரமானவர் 210 கொடுத்து அன்றே வாங்குவார். மற்றவர் சனிக்கிழமைக்குக் காத்திருப்பார். தெரிந்த ஆட்டோக்காரர் ஒரு மதியத்துக்கு 650 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பெட்டி சேர்ந்தால் சரியாகிவிடும் போலத் தெரியும். கேட்வே கட்டணம் போனால் 634 ரூபாய் சொச்சம்தான் கைக்கு வரும். ஆறு பெட்டி வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஆறு பெட்டி சேராவிட்டாலும் ரவுண்டு போய்த்தான் ஆக வேண்டும், சொன்ன நாளில் வராத கடைக்கு இரண்டாவது ஆர்டர் வராது. முதல் மாதம் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

"இவ்வளவுக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று போட மகன் சொல்லக்கூடும். போடலாம், முதல் ஜோனில் மட்டும். 1,500 ரூபாய் பில்லில் 48 ரூபாய் பைக் செலவு மூன்று சதவீதம்; அதே பில்லில் சோழிங்கநல்லூரின் 225 என்பது பதினைந்து சதவீதம், அதாவது உங்கள் லாபம் முழுவதும். தீபாவளி வாரத்துக்கு எல்லா ஜோனிலும் கட்டணத்தை உயர்த்திவிடுங்கள். நம் ஊரில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. அந்த வாரத்துப் பைக் வாடகையை மற்ற மாதத்து ரசீதை வைத்துக் கணிக்க முடியாது.

இனி பணம். கேட்வேயில் ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ எதுவானாலும் உங்கள் அளவுக்குப் போதும். வூகாமர்ஸுக்கான இணைப்பை அவர்களே தருகிறார்கள். கணக்குத் திறக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பான் உங்கள் பெயரில், வங்கிக் கணக்கு கணவர் பெயரில் என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். இன்னொன்று, அவர்கள் உங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பார்கள். பொருளின் விலை, தொடர்பு முகவரி, விதிமுறை, தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், டெலிவரி பற்றிய பக்கங்கள் இருக்க வேண்டும். இந்தப் பக்கங்களை வேறொரு கடையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். "7 நாளில் பொருளைத் திருப்பி அனுப்பலாம்" என்று துணிக்கடையின் வாசகம் ஸ்வீட் கடையில் இருந்தால், திருப்பி அனுப்புகிறவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். உடைந்தோ நசுங்கியோ வந்தால் அன்றே படம் அனுப்ப வேண்டும், பணமோ வேறு பெட்டியோ தரப்படும், திறந்த பெட்டி திரும்பப் பெறப்படாது என்று உங்கள் வழக்கத்தையே எழுதுங்கள். உணவு விற்பவர்களுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இன்னும் வாங்கவில்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். `foscos.fssai.gov.in` தளத்தில் விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் கிடைக்கும். அது பெட்டியின் லேபிளிலும் கடையின் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

ஒரு ஆர்டரைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்போம். வேளச்சேரிக்கு ஒரு கிலோ மைசூர்பாகு. விலை 900 என்று வைத்துக்கொள்வோம், டெலிவரி 110, மொத்தம் 1,010. கேட்வே கட்டணம் 20 ரூபாய் 20 காசு, அதன் ஜி.எஸ்.டி. 3 ரூபாய் 64 காசு. உங்கள் வங்கிக்கு வருவது 986 ரூபாய் 16 காசு. பைக்காரருக்கு 110 போனால் மைசூர்பாகுக்கு நின்றது 876. நீங்கள் 900 என்று கணக்குப் போட்டு நெய் வாங்கியிருப்பீர்கள். இந்த வித்தியாசத்தை "பேமென்ட் கட்டணம்" என்று தனி வரியாக வாடிக்கையாளரிடம் காட்டாதீர்கள். கடைசித் திரையில் தலைகாட்டும் கட்டணத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் நிறைய. விலையையே 925 ஆக்குங்கள். அப்போது 1,035 வசூலாகி, கட்டணம் போக 1,010 ரூபாய் 57 காசு வரும். பைக் போக 900 நிற்கும்.

யூ.பி.ஐ.யில் கட்டினால் கட்டணம் இல்லையே என்று கேட்பீர்கள். யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிகள் கடைக்காரரிடம் எடுக்கும் கட்டணம் 2020 ஜனவரியிலிருந்து இல்லை. ஆனால் கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென்று ஒரு கட்டணம் வைக்கலாம். சேரும்போது கட்டண அட்டையில் யூ.பி.ஐ.க்கு என்ன போட்டிருக்கிறது என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நான்கு வருஷமாக வாங்கும் பழகிய வீடுகளுக்கு வாட்ஸ்அப்பும் நேரடி யூ.பி.ஐ.யும் தொடரட்டும். அவர்களை வலுக்கட்டாயமாக வெப்சைட்டுக்குத் தள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் உங்கள் வங்கி ஆப்பில் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஸ்கிரீன்ஷாட் ஏமாற்று கேட்வேயில் தீரும், ஒரு நிபந்தனையோடு. பெட்டி கட்டுவதற்கு ஆதாரம் இரண்டே இடத்தில்தான் இருக்க வேண்டும். வூகாமர்ஸில் ஆர்டர் `Processing` என்று மாறியிருக்க வேண்டும். கேட்வேயின் டேஷ்போர்டில் அந்தப் பணம் `captured` என்று இருக்க வேண்டும். `authorized` என்று மட்டும் இருந்தால் வங்கி ஒப்புக்கொண்டிருக்கிறது, நீங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். எடுக்காமல் விட்டால் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். பணத்தை எடுத்துக்கொள்வது தானாக நடக்கும்படி அமைப்பில் வைத்துவிடுங்கள். கடையைக் கேட்வேயோடு இணைக்க ஒரு சாவி எழுத்து வரிசை தருவார்கள், சோதனைக்கென்று அதில் வேறொன்று. ரேஸர்பேயில் அது `rzp_test_` என்று தொடங்கும், உண்மையானது `rzp_live_`. சோதனைச் சாவியோடு கடையைத் திறந்துவிட்டால் எல்லா ஆர்டரும் பணம் கட்டியதாகவே காட்டும், ஒரு ரூபாயும் வராது. திறக்கும் நாளன்று அந்த எழுத்துகளை உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஏமாற்றுக்காரரைவிட அதிகமாக உங்களைப் படுத்தப்போவது வேறொன்று. நல்ல வாடிக்கையாளர்தான், பணம் உண்மையிலேயே போயிருக்கிறது, கடையில் மட்டும் `Pending payment` என்று நிற்கிறது. போனில் வாங்குபவர் கடைசித் திரையிலிருந்து யூ.பி.ஐ. ஆப்புக்குப் போகிறார், பின் எண்ணை அழுத்துகிறார், "பணம் போய்விட்டது" என்று பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார். பிரவுசருக்குத் திரும்பி வருவதே இல்லை. பணம் வந்த செய்தியை அந்தப் பிரவுசர்தான் உங்கள் கடைக்குச் சொல்ல வேண்டும் என்று அமைத்திருந்தால், செய்தி வராது. வூகாமர்ஸில் சரக்குக் கணக்கு வைத்திருந்தால், பணம் வராத ஆர்டரை வழக்கமாக 60 நிமிடத்தில் அதுவே ரத்தும் செய்துவிடும். அவர் மறுநாள் காலையில் ஸ்வீட் எங்கே என்று கேட்பார். உங்களுக்குப் போன தீபாவளி ஞாபகம் வந்து அவரைச் சந்தேகிப்பீர்கள்.

இதற்கு மருந்து வெப்ஹுக். கேட்வேயின் சர்வர், பிரவுசரை நம்பாமல், நேராக உங்கள் கடையின் சர்வருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு அது. மகனிடம் "வெப்ஹுக் போட்டிருக்கிறாயா" என்று கேட்பதோடு நிற்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளைப் போடுங்கள். அதை உங்கள் போனிலிருந்து யூ.பி.ஐ.யில் வாங்குங்கள். பணம் போனதும் கடைக்குத் திரும்பாமல் பிரவுசரை அப்படியே மூடிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டரில் ஆர்டரைப் பாருங்கள். `Processing` என்று இருந்தால் வெப்ஹுக் வேலை செய்கிறது. `Pending payment` என்றே இருந்தால் கடையைத் திறக்காதீர்கள். இந்த ஒரு ரூபாய்ச் சோதனையை வேர்ட்பிரஸ்ஸையோ பிளக்கினையோ அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும்.

சில சமயம் வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்து, கேட்வேக்கும் வராமல் நடுவில் நிற்கும். அப்போது அவரை ஆறுதலாகப் பேசி, திரும்ப ஒரு முறை கட்டச் சொல்லலாம். கடைக்குக் கட்டிய யூ.பி.ஐ. பணம் இப்படி நின்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, ஐந்து நாளுக்குள் வங்கி அதைத் தானாகத் திருப்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை ஒரு குறுஞ்செய்தியாக எழுதி போனில் தயாராக வைத்திருங்கள். பாதிப் பேருக்கு இது தெரியாது, அவர்கள் கோபம் உங்கள் மேல்தான் வரும்.

வந்த பணம் அன்றே வங்கிக்கு வராது என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள். பொதுவான கணக்கு, பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு வேலை நாள். வெள்ளிக்கிழமை மாலை வந்த ஆர்டரின் காசு செவ்வாய்க்கிழமை வரும். நடுவில் பண்டிகை விடுமுறை இருந்தால் இன்னும் தள்ளும். நேரடி யூ.பி.ஐ.யில் பழகியவர்களுக்கு இது முதல் தீபாவளியில் அதிர்ச்சியாக இருக்கும். திரையில் ஐம்பதாயிரம் தெரியும், அடுத்த டின் நெய் வாங்கக் கையில் இருக்காது. ஒரு வாரத்து நெய், சர்க்கரை, முந்திரிக்கு வேண்டிய முதலைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். கேஷ் ஆன் டெலிவரி உங்கள் கடைக்கு வேண்டாம். வாசலில் வேண்டாமென்று சொல்லிவிட்டால் போக வர இரண்டு பைக் வாடகையும் உங்களுடையது, அந்தப் பெட்டியை வேறொருவருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு மனசு வராது.

பெங்களூர் விஷயம். இப்போதைக்கு வேண்டாம். ஜி.எஸ்.டி.யில் சிறு வியாபாரிக்கு விற்பனை அளவின் பேரில் இருக்கிற விலக்கு, மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் செல்லாது. 2017 மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி முதல் பெட்டிக்கே பதிவு கட்டாயம். பதிவு செய்தால் மாநிலத்துக்குள் விற்பதற்கும் வரி வசூலித்துக் கட்ட வேண்டும், ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். மாதம் நான்கு பெட்டிக்காக அதற்குள் இறங்குவது லாபமில்லை. நாற்பது பெட்டி கேட்கிறார்கள் என்றால் ஒரு ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் மதுரை, கோவைக்கு அனுப்பலாம், ஆனால் அது பைக் கணக்கு இல்லை, கூரியர் கணக்கு. அங்கே எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். அரைக் கிலோ மைசூர்பாகு நசுங்காமல் இருக்க 25, 20, 15 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தால் 7,500-ஐ 5,000-ஆல் வகுத்து ஒன்றரைக் கிலோவுக்குப் பில் வரும். நடுக்கூடத்தில் உட்கார்ந்து டேப்பையும் ஸ்கேலையும் வைத்துக்கொண்டு, ஸ்வீட் பெட்டியைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் மட்டும் இடம் விடுகிற வெளிப்பெட்டியாகத் தேடுங்கள். அரைக் கிலோ பெட்டி 16, 11, 6 சென்டிமீட்டர் என்றால் வெளிப்பெட்டி 20, 15, 10 போதும். கணக்கு அறுநூறு கிராமில் நிற்கும், பொருளின் உண்மையான எடையும் அட்டையோடு சேர்ந்து அதை ஒட்டித்தான் வரும். அந்த அளவில் பெட்டி கிடைத்த பிறகு நான்காவது ஜோனைத் திறக்கலாம்.